வாடகை ரசீது: ஜூன் மாதத்துக்கு இரண்டு வரிசை

வாடகை ரசீது அட்டவணையில் 'எந்த மாத வாடகை', 'பணம் வாங்கிய தேதி' இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். பிறகு தொகை, கொடுத்த விதம், வீட்டுக்காரர் கையெழுத்து.

ஜூன் வாடகை 12,000 ரூபாய். ஜூன் 5ஆம் தேதி ஜிபேயில் 5,000 கொடுக்கிறீர்கள். மீதி 7,000 ஜூலை 2ஆம் தேதி ரொக்கமாக. இதை இரண்டு வரிசையாக எழுதுங்கள். இரண்டிலும் மாதம் 'ஜூன்'தான். தேதி மட்டும் இருந்தால் அந்த 7,000 ஜூலைக் கணக்கில் போய்விடும். வீடு காலி செய்யும்போது 'ஜூன் பாக்கி' என்று அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

ஜிபே வரிசையில் பரிவர்த்தனை எண்ணையும் குறியுங்கள். ரொக்கம் 5,000-ஐத் தாண்டியதால் அங்கே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்தைப் பணம் கொடுத்த அன்றே வாங்கிவிடுங்கள். மார்ச்சில் மொத்தமாக வாங்கினால் பன்னிரண்டும் ஒரே மையில் இருக்கும். ஆபீஸில் கேள்வி வரும்.