பதினைந்து முறை பாதியானால் ஒரு நொடி

கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, நாலைந்து பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், ஒரு துளி கறுப்புப் பிசின். அந்தப் பிசினுக்கு அடியில்தான் சிப். பக்கத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளிக் குழாய் ஒன்று. அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. முள்ளோ நொடிக்கு ஒரு தடவைதான் நகர்கிறது. நடுவில் என்ன நடக்கிறது?

அதற்கு 1918-க்குப் போகணும். இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் இரண்டு வால்வுகளை எதிரெதிரே கட்டி ஒரு சுற்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். முதல் வால்வில் மின்சாரம் ஓடினால் அதன் வெளியீட்டு மின்னழுத்தம் இறங்கும். அந்த இறக்கம் இரண்டாவது வால்வின் வாயை மூடிவிடும். இரண்டாவது மூடியிருப்பதால் அதன் வெளியீடு உயரத்தில் நிற்கும், அந்த உயரம் முதல் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். நான் உன்னை அடக்குகிறேன், நீ அடங்கியிருப்பதால்தான் நான் ஓடுகிறேன் என்கிற கதை. மின்சாரம் இருக்கும்வரை இந்த நிலை மாறாது. ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்தால் இருவரும் இடம் மாறுவார்கள், மறுபடி அப்படியே நிற்பார்கள். ‘முதல்வன் ஓடுகிறான்’ என்பதை 1 என்றும், ‘இரண்டாமவன் ஓடுகிறான்’ என்பதை 0 என்றும் வைத்தால், ஒரு பிட் அங்கே சேமிக்கப்பட்டுவிட்டது. இதற்குத்தான் ஃபிளிப்-ஃப்ளாப் என்று பெயர். இன்று வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர். தந்திரம் அதேதான்.

இதைக் கொண்டு எண்ணலாம் என்று 1932-ல் காட்டியவர் வேல்ஸ் நாட்டுக்காரர் வின்-வில்லியம்ஸ். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபா துகள்களை எண்ண வேண்டியிருந்தது. துகள்கள் படபடவென்று வந்தால் இயந்திர எண்ணிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தைரட்ரான் என்ற வாயு வால்வுகளை ஜோடி ஜோடியாகக் கட்டி, இரண்டு துடிப்பு வந்தால் ஒன்றை மட்டும் அடுத்த ஜோடிக்கு அனுப்பும்படி செய்தார்.

ஏன் இரண்டுக்கு ஒன்று? பால்பாயிண்ட் பேனாவின் தலையை அழுத்திப் பாருங்கள். ஒரு அழுத்துக்கு முனை வெளியே வரும், அடுத்த அழுத்துக்கு உள்ளே போகும். முனை ஒரு தடவை வந்து போக இரண்டு அழுத்து. ஃபிளிப்-ஃப்ளாப்பின் தலைகீழ் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே கட்டிவிட்டால் அதுவும் இப்படித்தான்: ஒவ்வொரு துடிப்புக்கும், தன்னிடம் இருப்பதற்கு எதிரானதை ஏற்றுக்கொள்ளும். அதிர்வெண் சரிபாதி. அதை அடுத்ததற்குக் கொடுத்தால் கால்வாசி. 32,768 என்பது இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண், அதனால் 15 கட்டம் தாண்டியதும் மிஞ்சுவது ஒன்று. 1969 கடைசியில் வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சைகோ ஆஸ்ட்ரானின் படிகம் 8,192 முறைதான் அதிர்ந்தது. அதற்கு 13 கட்டம் போதும். நம் ஓசூரில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் 1980-களில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியபோது, 32,768 உலகெங்கும் வழக்கமான எண்ணாகியிருந்தது.

பிசினுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ரிச்சி தெருவில் CD4060 சிப் ஒன்றும் CD4013 சிப் ஒன்றும் வாங்கி வந்தேன். 4060-க்குள் 14 கட்டங்கள். படிகத்தை 10, 11-ஆம் கால்களுக்கு நடுவே மாட்டி, 3-ஆம் காலில் எல்இடி வைத்தால் நொடிக்கு இரண்டு முறை மின்னணும். என்னுடையது மின்னவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் கண் சிமிட்டியது, எடுத்தால் நின்றது. இப்படி நடந்தால் ஏதோ ஒரு உள்ளீடு எங்கும் கட்டப்படாமல் தொங்குகிறது என்று அர்த்தம். பார்த்தால் 12-ஆம் கால், ரீசெட். வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸை அது பிடித்துக்கொண்டு, எண்ணிக்கையை ஓயாமல் பூஜ்யமாக்கிக்கொண்டிருந்தது. தரையில் கட்டியதும் ஓடியது. பதினைந்தாவது கட்டம் 4013-ல்: 2-ஆம் காலை 5-இல் இணைத்து, 3-ஆம் காலுக்குத் துடிப்பு. இதிலும் 4, 6 இரண்டையும் மறக்காமல் தரையில் கட்டணும். இப்போது எல்இடி நொடிக்கு ஒரு முறை.

ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் தாமதிக்குமே, கடிகாரம் பின்தங்காதா என்று கேட்கலாம். தங்காது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு தாமதமாக வருவதால் இடைவெளி மாறாது. தப்பு வருவது படிகத்தால்தான். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 நொடி. படிகம் 25 டிகிரியில் நன்றாக ஓடும்படி வெட்டப்பட்டது. கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். 40 டிகிரி வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.7 நொடி தள்ளும். கத்திரி வெயில் முழுக்க எங்கள் மேற்குச் சுவரில் தொங்கினால் மாதத்துக்கு 20 நொடிக்குக் கிட்ட வரலாம். அதனால் கடிகாரத்தைக் கிழக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.