முட்டி வலி: மாத்திரையா, களிம்பா?



மும்பையில் தாராவி என்று ஓர் இடம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். விடியுமுன் இட்லி அவித்து, தெருத்தெருவாக விற்பது அங்கே பழைய தொழில். அப்படி இட்லி விற்ற ஒரு பாட்டியின் கதைதான் இன்றைய பேச்சு.

பாட்டிக்கு வயது 66. நாற்பது வருடம் தரையில் குந்தி உட்கார்ந்து மாவு அரைத்தவர். வலது முட்டி தேய்ந்துவிட்டது. கைவிரல் மூட்டுகளும் முடிச்சு முடிச்சாகப் புடைத்து வலித்தன. போதாததற்கு இரத்தக் கொதிப்பும் இருந்தது. அதற்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார்.

முட்டி வலிக்கு அவர் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக் கடையில் "வலி மாத்திரை குடுப்பா" என்று கேட்பார். கடைக்காரர் அட்டையில் நாலைந்து வெட்டிக் கொடுப்பார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் இருக்காது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்று மாதம் இப்படியே ஓடியது. வலி நன்றாகவே கேட்டது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பிறகு கால் வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்துடன் போயிற்று. "வயிறு வலிக்கலையே, சூடாயிருக்கும்" என்று பாட்டி மோர் குடித்தார். ஒரு நாள் விடிகாலையில் இட்லிப் பானை முன்னாலேயே மயங்கி விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண். அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த இரத்தம்தான் குடலில் இறங்கிக் கறுத்துப் போய் மலத்தில் வந்திருக்கிறது.

அங்கே தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தார். பாட்டி அவரிடம் கேட்டார்.

"தாயி, நான் வெறும் வயித்துல மாத்திரை போட்டதே இல்ல. சாப்பிட்டுட்டுத்தானே போட்டேன்? புண்ணு எப்படி வந்துது?"

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நர்ஸ் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"பாட்டி, சாப்பிட்டுட்டுப் போட்டா எரிச்சல் குறையும். ஆனா மாத்திரை இரைப்பையைத் தொட்டு மட்டும் புண்ணாக்குறதில்ல. இரத்தத்துல கலந்துதான் முக்கியமாக் கெடுக்குது. ஊசியாப் போட்டாக்கூட புண்ணு வரும்."

அது எப்படி? நம் உடம்பு ஒரு வகைச் சாரத்தைச் சுரக்கிறது. மூட்டில் சுரந்தால் அது வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும். அதே சாரம் இரைப்பையில் சுரந்தால், உள்தோலைப் புளிப்புநீர் அரிக்காமல் காக்கும். சிறுநீரகத்துக்கு இரத்தம் சரியாகப் போகவும் அது வேண்டும். வலி மாத்திரை இந்தச் சாரத்தை உடம்பு முழுவதும் குறைத்துவிடுகிறது. முட்டி வலி குறையும். கூடவே இரைப்பையின் காவலும் போகும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றத் தடுமாறும். அதனால்தான் பாட்டியின் கால் வீங்கியது, கொதிப்பும் ஏறியது.

வயதானவர்களுக்கு இது அதிகமாக நடக்கும். அவர்களுக்கு வயிற்று வலியே இல்லாமல் புண் வருவதும் உண்டு. கொதிப்பு மாத்திரை, நீர் போகும் மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இவற்றில் எதைச் சாப்பிடுகிறவராக இருந்தாலும் ஆபத்து இன்னும் கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் வலி மாத்திரை நல்லதல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். டைக்ளோபினாக் என்ற மருந்து கலந்த களிம்பை எழுதிக் கொடுத்தார். இதே மருந்து மாத்திரையாகவும் வருகிறது. களிம்பாகத் தடவினால் மாத்திரையில் இரத்தத்துக்குப் போகும் மருந்தில் 100க்கு 6 பங்கு அளவுதான் போகும். மீதி மூட்டைச் சுற்றியே வேலை செய்யும், அல்லது தோலிலேயே நின்றுவிடும். முட்டியும் விரலும் தோலுக்கு அடுத்தே இருக்கும் மூட்டுகள். அதனால் மருந்து எட்டுகிறது. இடுப்பு மூட்டு சதைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. அங்கே களிம்பு எட்டாது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டி திரும்பி வந்தார். "களிம்பு ஒண்ணும் கேக்கல தாயி" என்றார். எவ்வளவு தடவுகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். பாட்டி விரல் நுனியைக் காட்டினார். ஒரு பட்டாணி அளவு! அதுவும் வலிக்கிற அன்று மட்டும்.

நர்ஸ் ஓர் இருமல் மருந்துப் புட்டியின் மூடியை எடுத்தார். அதில் 5 மில்லி என்று கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை களிம்பைப் பிதுக்கினார். அது சுமார் 4 கிராம். ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு அவ்வளவு வேண்டும். ஒரு கைக்கு அதில் பாதி போதும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை தடவ வேண்டும். ஒன்றிரண்டு வாரம் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும்.

பாட்டி மனக்கணக்குப் போட்டார். முட்டிக்கு மூன்று வேளை, 12 கிராம். வலது கைக்கு இரண்டு வேளை, 4 கிராம். ஆக 16. குழாயிலோ 30 கிராம்தான் இருக்கிறது. "இரண்டு நாளைக்குக்கூட வராதே!" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். மாத்திரையை விடக் களிம்புக்குச் செலவு அதிகம். ஜன் ஔஷதி கடையில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று நர்ஸ் வழி காட்டினார். டாக்டரும் யோசித்து, முதல் இரண்டு வாரம் முழு அளவு, பிறகு வலி கூடும் நாட்களில் மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார்.

முட்டியின் முன்னும் பக்கங்களிலும் மெதுவாகத் தடவிப் பத்து நிமிடம் காய விட வேண்டும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கை மூட்டுக்கே தடவினால் ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. மாவில் கை வைக்கிறவராயிற்றே, அதனால் பாட்டி வியாபாரம் முடிந்த மதியமும், படுக்கப் போகும்போதும் கைக்குத் தடவினார். புண், சிரங்கு உள்ள தோலில் தடவக் கூடாது. மேலே வெந்நீர் ஒத்தடம் கூடாது. களிம்பு தடவுகிற நாட்களில் வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டால், களிம்புக்கு மாறியதே வீண்.

தோல் சிவந்து அரித்தால் நிறுத்திவிட வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களும், வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கிற ஆஸ்துமாக்காரர்களும் களிம்பைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் தடவலாம். கடையில் விற்கும் எரிச்சல் தைலங்கள் எல்லாம் இந்தக் களிம்பு அல்ல. டைக்ளோபினாக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

களிம்பு எல்லோருக்கும் கேட்பதில்லை. முட்டி தேய்ந்த 10 பேர் தடவினால் 6 பேர் நன்றாகக் கேட்டது என்கிறார்கள். மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவினாலும் 5 பேர் அப்படிச் சொல்கிறார்கள். நீவி விடுவதற்கும் நாள் போவதற்கும் கொஞ்சம் பலன் உண்டு போலிருக்கிறது. ஒரு மாதம் சரியான அளவில் தடவியும் கேட்காவிட்டால், மேலும் குழாய் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். டாக்டரிடம் போங்கள். மூட்டு சிவந்து கொதித்தாலும், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து நின்றாலும் அது தேய்மானம் அல்ல, வேறு வாதமாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

பாட்டிக்கு வலி பாதியாகக் குறைந்தது. முழுவதும் போகவில்லை. இப்போது உயரமான முக்காலியில் உட்கார்ந்து மாவு அரைக்கிறார். நடுவில் ஒரு நாள் மலம் மறுபடி கறுத்துப் போகவே, பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரத்தம் ஊறக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையின் நிறம் அது. அதில் தார் போன்ற பிசுபிசுப்பும் இல்லை, அந்த நாற்றமும் இல்லை. "வந்து காட்டினது நல்லது பாட்டி" என்று சொல்லி நர்ஸ் அனுப்பி வைத்தார்.