நேர்முகப் பரீட்சைக்குப் பிறகு ஒரு நன்றிக் கடிதம்

(மூதூரில் மீள்குடியேறிய குடும்பங்களின் இளைஞர், யுவதிகளுக்கு ஆற்றிய உரை)



விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்முகப் பரீட்சைக்கு என்ன ஆவணங்கள் கொண்டு போவது என்பவற்றை எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். பரீட்சை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நேர்முகம் செய்தவருக்கு அனுப்பும் நன்றிச் செய்தியைப் பற்றி மட்டும் நான் பேசப் போகிறேன். சம்பூரிலும் கூனித்தீவிலும் கடற்கரைச்சேனையிலும் வீடுகள் மீண்டும் எழுந்த காலத்தில், நிறுவனங்கள் உள்ளூர் ஆட்களைத் தேடின. தெரிவுக் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு தம்பி கள உதவியாளர் வேலைக்கு வந்திருந்தார். 2006இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது அவர் சிறு பிள்ளை. கிளிவெட்டி நலன்புரி நிலையத்தில்தான் வளர்ந்தார். நேர்முகப் பரீட்சை நடந்த அன்று இரவு பத்து மணிக்கு என் சொந்தத் தொலைபேசிக்கு இப்படி ஒரு குறுந்தகவல் வந்தது:

“சேர் நான் காலையில இன்டர்வியூக்கு வந்தனான். நல்லாச் செய்தன் எண்டு நினைக்கிறன். அந்த லிஸ்ட் கேள்விக்குத்தான் சரியாச் சொல்லல்ல. தேங்க்யூ சேர். முடிவு எப்ப வரும்? வீட்டில சரியான கஷ்டம், பார்த்துச் செய்யுங்க சேர்.”

அதற்கு நான் பதில் அனுப்பவில்லை. தெரிவு முடியும்வரை குழுவில் இருப்பவர் ஒருவருடன் மட்டும் தனியே பேசக் கூடாது. எல்லாம் முடிந்து, அந்த வேலை வேறொருவருக்குப் போன பிறகு அந்தத் தம்பி அலுவலகத்துக்கு வந்தார். “ஏன் சேர் ஒரு பதிலும் போடல்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து அந்தக் குறுந்தகவலைத் திரும்ப எழுதினோம். அதை உங்களுக்குக் காட்டலாமா என்று கேட்டேன், பெயரை எடுத்துவிட்டுக் காட்டுங்கள் என்றார்.

முதலில் குறுந்தகவலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை. அன்று காலையில் பதினொரு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பதவிகளுக்கு. அவருடைய இலக்கம் என் தொலைபேசியில் பதிவில் இல்லை. யார் அனுப்பியது என்றே எனக்குத் தெரியவில்லை. நன்றி சொன்னவர் யார் என்று தெரியாவிட்டால் அந்த நன்றி யாருக்கும் சேராது.

அடுத்தது, “பார்த்துச் செய்யுங்க” என்ற சொல். நம் ஊரில் அது சாதாரணமாக வாயில் வருவது, கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. ஆனால் தெரிவுக் குழுவில் இருப்பவருக்கு அது சலுகை கேட்பதாகவே படும். வீட்டில் கஷ்டம் என்பது உண்மைதான். அன்று வந்த பதினொரு பேரும் இடம்பெயர்ந்த குடும்பங்கள்தான், பதினொரு வீட்டிலும் கஷ்டம்தான். அதைக் கொண்டு ஒருவருக்குப் புள்ளி கூட்டினால் மற்றப் பத்துப் பேருக்கும் அநியாயம் செய்ததாகிவிடும்.

அந்தக் குறுந்தகவலில் பெறுமதியான வரி ஒன்று இருந்தது. “அந்த லிஸ்ட் கேள்விக்குத்தான் சரியாச் சொல்லல்ல” என்ற வரிதான் அது. பயனாளிகள் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று ஓர் அம்மா உங்களிடம் வந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்று நாங்கள் கேட்டிருந்தோம். “மேலிடத்துக்குச் சொல்வேன்” என்றார், அவ்வளவுதான். பிறகு பேசும்போதுதான் தெரிந்தது, முகாமில் தண்ணீர் பவுசர் வரும்போது யார் யாருக்கு எத்தனை வாளி என்று பதிவேடு எழுதியவரே இவர்தான். முறை தவறியது என்று சண்டை பிடித்த குடும்பங்களின் முறைப்பாடுகளையும் இவரே பதிந்திருக்கிறார். எங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் ஏது? பதற்றத்தில் மறந்துபோய்விட்டது. இரவு நினைவு வந்தபோதும், சரியாகச் சொல்லவில்லை என்று எழுதினாரே ஒழிய, சரியான பதில் என்ன என்று எழுதவில்லை.

திருத்தி எழுதியது இதுதான்:

விடயம்: கள உதவியாளர் பதவி – மூதூர் நேர்முகப் பரீட்சை (திகதி)

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்றுக் காலை மூதூர் கள அலுவலகத்தில் என்னை நேர்முகம் செய்தமைக்காக உங்களுக்கும் குழுவினருக்கும் நன்றி. வீட்டுத்திட்டக் கொடுப்பனவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னர் அத்திவாரம், சுவர், கூரை ஆகியவற்றைக் கள உதவியாளர் நேரில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்று நீங்கள் விளக்கியதால் இந்த வேலை எனக்கு நன்கு விளங்கியது.

பட்டியலில் பெயர் விடுபட்டவர் பற்றிய கேள்விக்கு நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. கிளிவெட்டி நலன்புரி நிலையத்தில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் தண்ணீர் விநியோகப் பதிவேட்டை எழுதினேன். முறை தவறியவர்களின் முறைப்பாட்டைத் திகதியுடன் பதிந்து, பொறுப்பாளரிடம் கொடுத்து, அவருடைய முடிவை மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு அறிவித்தேன். இந்த வேலையிலும் அவ்வாறே செய்வேன்.

நீங்கள் கேட்ட பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துள்ளேன். அதன் பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன். இரண்டு வாரத்தில் முடிவை அறிவிப்பதாகக் கூறினீர்கள். அதுவரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
(முழுப் பெயர், ஊர், விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கம்)

கடிதம் நீளமில்லை. குறுந்தகவலில் இருந்த நன்றி இதிலும் இருக்கிறது. ஆனால் எதற்கு நன்றி என்று சொல்கிறது. அந்த ஒரு விளக்கத்தைச் சொன்னதால், கவனித்துக் கேட்டார் என்று தெரிகிறது. “முடிவு எப்ப வரும்?” என்ற கேள்வி போய்விட்டது, ஏனென்றால் அதற்கான பதிலை அறையிலேயே சொல்லியிருந்தோம். கஷ்டம் என்ற சொல்லும் போய்விட்டது. அந்த இடத்தில் பதிவேடு வந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் 2006இல் தொலைந்ததை அவர் நேரில் சொல்லியிருந்தார். அதை மீண்டும் ஒரு கதையாக எழுதாமல், விண்ணப்பித்துவிட்டேன், இதோ பற்றுச்சீட்டு என்று மட்டும் எழுதினோம். ஆவணம் தொலைந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். குழுவுக்குத் தெரிய வேண்டியது அது எப்படித் தொலைந்தது என்பதல்ல, எப்போது கையில் வரும் என்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. விடுபட்ட பதிலைச் சேர்க்கும்போது உண்மையானதை மட்டும் சேருங்கள். பதிவேடு எழுதினேன் என்றால், எந்த நிலையம், யார் பொறுப்பாளர் என்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பு போகும். மூதூர் சின்ன இடம். இரண்டு விடயங்களுக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம், அது பரீட்சையைத் திரும்ப எழுதுவதாகிவிடும்.

எப்போது அனுப்புவது? மறுநாள் மதியத்துக்குள். பெரும்பாலும் குழுவினர் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு கூடி, புள்ளித் தாள்களைக் கூட்டுவார்கள். அதற்குப் பிறகு வரும் கடிதத்தில் எவ்வளவு நல்ல பதில் இருந்தாலும் அதை வாசிக்க ஆளில்லை. நேரத்துக்கு வந்தாலும்கூட, பல குழுக்கள் அறையில் சொன்ன பதிலுக்கு மட்டுமே புள்ளி போடும். அதனால் கடிதம் புள்ளியைக் கூட்டும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆவணம் பற்றிய சந்தேகத்தை அது தீர்க்கும். இருவர் சமமாக நிற்கும்போது கோப்பில் உங்களுக்காகப் பேச ஒரு தாள் இருக்கும்.

யாருக்கு அனுப்புவது? உங்களை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தில் அல்லது மின்னஞ்சலில் உள்ள முகவரிக்கு. நேர்முகம் செய்தவரின் சொந்த இலக்கம் எங்காவது கிடைத்தாலும் அதற்கு அனுப்பாதீர்கள். மின்னஞ்சல் என்றால் கடிதத்தை அதிலேயே எழுதுங்கள். தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் சில அலுவலகங்களில் அது திறக்கப்படாமலே கிடக்கும். மின்னஞ்சல் இல்லாதவர்கள் ஒரு தாளில் எழுதிக் கடித உறையில் போட்டுக் கள அலுவலக வரவேற்பில் கொடுக்கலாம். தமிழில் எழுதுவதற்குத் தயங்க வேண்டாம். வேறொருவர் எழுதிக் கொடுத்த ஆங்கிலம் உடனே தெரிந்துவிடும்.

குறுந்தகவல்தான் ஒரே வழி என்றால், உங்களை அழைத்த அலுவலக இலக்கத்துக்கு அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 70 குறிகள்தான் இடம். ஆங்கில எழுத்தென்றால் 160. “கொ” என்று ஓர் எழுத்தை எழுதினால்கூட அது இரண்டு குறியாகக் கணக்காகும். ஆகவே நான்கு வரி எழுதினாலே அது பல துண்டாகிப் பணமும் கூடப் போகும். பழைய தொலைபேசிகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரிவதும் உண்டு. பெயர், பதவி, நேர்முகத் திகதி, நன்றி, கடிதம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன் என்ற ஒரு வரி, இவ்வளவும் போதும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் சொன்னதெல்லாம் நிறுவன வேலைகளுக்கு. அரசாங்கப் பதவிக்கான நேர்முகப் பரீட்சை என்றால் இப்படி ஒன்றும் அனுப்பாதீர்கள். தெரிவு செய்பவர்மீது எந்த வகையிலும் செல்வாக்குச் செலுத்த முயன்றால் தகுதி இழக்க நேரிடும் என்று அரசாங்க விளம்பரங்களில் போட்டிருப்பார்கள். நீங்கள் நல்ல மனதோடு எழுதியதும் அப்படி எடுத்துக்கொள்ளப்படலாம். அங்கே கேட்ட ஆவணத்தை, கேட்ட அலுவலகத்தில், கேட்ட திகதிக்குள் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவன வேலையிலும் கடிதத்தோடு தயிர்ச் சட்டி, நண்டு என்று எதுவும் கொண்டு போக வேண்டாம். எனக்கு ஒரு முறை அப்படி வந்தது. அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பிய சங்கடம் இன்னும் மனதில் இருக்கிறது. வேலைக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பெட்டியில் எழுதிப் போடுங்கள்.

கடிதம் அனுப்பியபின் “உங்கள் கடிதம் கிடைத்தது” என்று ஒரு வரி பதில் வரலாம், வராமலும் இருக்கலாம். இரண்டுமே முடிவைக் காட்டாது. அவர்கள் சொன்ன திகதி கடந்து ஒரு வாரம் ஆன பிறகு, அதே அலுவலக இலக்கத்துக்கு ஒரு தடவை பேசி விசாரிக்கலாம். அப்போதும் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.