அண்டை வீட்டாருக்காக ஒரு துஆ

(ஜூலை 21 அன்று நடந்த பல சமயப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1964ஆம் ஆண்டு இதே ஜூலை 21இல்தான், நபிகள் நாயகம் அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கைகலப்பு சிங்கப்பூர் முழுவதும் கலவரமாகப் பரவியது. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். 23 உயிர்கள் போயின. ஊரடங்கு முழுமையாக நீங்கியது ஆகஸ்ட் 2ஆம் தேதி. பல இனத்தவரும் சேர்ந்த நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. ஒன்றாகத் தெருவில் இறங்கி, வதந்தியை மறுத்து, பயந்துபோன மக்களுக்குத் தைரியம் சொல்வது அவர்களின் வேலை.

ஆனால் ஒரு மாதத்திலேயே, செப்டம்பர் 2ஆம் தேதி இரவில், கேலாங் சிராய் வட்டாரத்தில் மலாய் டிரைஷா ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். செய்தவர்கள் சீனர்கள் என்று பேச்சு பரவியது. யாரோ சிலர் செய்த கொலைக்கு இனமே பொறுப்பு என்றாகிவிட்டது. மறுபடியும் கலவரம், மறுபடியும் ஊரடங்கு, மேலும் 13 உயிர்கள். கடை திறந்ததை வைத்துச் சமாதானம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பதை வியாபாரிகளான நாங்கள் இதிலிருந்து கற்றோம்.

தமிழ் முஸ்லிம்களான நாங்கள் நடுவில் வாழ்கிறவர்கள். மலாய்ச் சகோதரர்களோடு ஒரே அணியில் தொழுகிறோம். இந்துச் சகோதரர்களோடு ஒரே மொழி பேசுகிறோம். சீனக் கடைகளின் நடுவே கடை வைத்திருக்கிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல் வந்தாலும் அது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். ஆகவே, 'எங்களுக்கென்ன' என்று நாங்கள் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

இப்போது, அவரவர் முறைப்படி எங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் அனைவரையும் படைத்தவனே! அந்த இரண்டு கலவரங்களிலும் பிள்ளைகளை இழந்த எல்லாத் தாய்மார்களின் துயரத்தையும் நீ அறிவாய். அந்தத் துயரம் இந்த மண்ணில் இனி எவருக்கும் வேண்டாம்.

ஒருவன் செய்த குற்றத்தை அவனுடைய இனத்தின் மேலும் மார்க்கத்தின் மேலும் ஏற்றிப் பேசாதபடி எங்கள் நாவைக் காப்பாயாக. கைப்பேசிக்கு வரும் செய்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதபடி எங்கள் விரல்களையும் காப்பாயாக.

சச்சரவு வந்த மறுநாள், அண்டை வீட்டார் வரட்டும் என்று காத்திராமல், நாங்களே முதலில் போய் அவர்கள் கதவைத் தட்டும் துணிவைத் தருவாயாக. எங்கள் பக்கம் தவறு இருந்தால் அதை ஒப்புக்கொள்ளும் மனத்தையும் தருவாயாக.

சத்தம் ஓய்ந்த பிறகும் மனத்தில் மிஞ்சியிருக்கும் கசப்பை நீக்குவாயாக. எங்கள் பிள்ளைகள் அந்தக் கசப்பை வாரிசாகப் பெறாதிருக்க அருள்புரிவாயாக.

ஆமீன். வஸ்ஸலாம்.