எத்தனை மூட்டை எடுப்பது?

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் வரும் பட்டியல், துவரம் பருப்பும் வத்தலும் என்ன விலை என்று சொல்லும். ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை எடுப்பது என்று சொல்லாது. விலை ஏறும் என்று கணித்து வாங்கிப் போடுவது ஒரு வியாபாரம்; அன்றாட விற்பனைக்காகச் சரக்கு எடுப்பது வேறு. நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதற்குக் கணக்குப் போட்டார். அவர் கேட்டது தொழிற்சாலையில் ஒரே முறையில் எத்தனை உதிரிபாகம் செய்வது என்று. கேள்வி மளிகைக் கடைக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு கடையில் வருஷத்துக்கு 120 மூட்டை பருப்பு சீராக விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவை சரக்கு எடுக்கும்போதும் வண்டி வாடகையும் அலைச்சலுமாக 500 ரூபாய் ஆகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இறக்குக்கூலியை இதில் சேர்க்கக் கூடாது. எத்தனை தடவையாக எடுத்தாலும் அது மாறப்போவதில்லை. ஒரு மூட்டை ஒரு வருஷம் கடையில் கிடந்தால், முடங்கிய பணத்தின் வட்டி, வண்டு, எலி, எடைக்குறைவு எல்லாமாக 1,200 ரூபாய். இருப்பு முழுசாகத் தொடங்கிச் சீராகக் குறைந்து காலியாவதால், சராசரியாகக் கடையில் இருப்பது எடுத்ததில் பாதி. ஆகவே தடவைக்கு எடுக்கும் அளவில் ஒரு மூட்டை கூடினால் இருப்புச் செலவு வருஷத்துக்கு 600 ரூபாய் கூடும். 5 மூட்டையாக எடுத்தாலும் 50 மூட்டையாக எடுத்தாலும் இந்த ஏற்றம் மாறாது.

வண்டிச் செலவு அப்படியில்லை. 120-ஐ 500-ஆல் பெருக்கினால் 60,000. அதை எடுக்கும் அளவால் வகுத்தால் வருஷச் செலவு. வகைநுண்கணிதம் இதன் சரிவைச் சொல்கிறது: 60,000-ஐ அளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். தடவைக்கு 5 மூட்டை எடுப்பவருக்கு அந்த இடத்தில் சேமிப்பின் வேகம் மூட்டைக்கு 2,400. கூடும் செலவு 600 மட்டுமே, அதனால் அவர் அளவைக் கூட்டலாம். 20 மூட்டை எடுப்பவருக்குச் சேமிப்பு 150 தான். அவர் குறைக்க வேண்டும். இரண்டு சரிவும் 600 ஆகிச் சமமாகும் இடம் 10 மூட்டை. அங்கே வண்டிக்கு 6,000, இருப்புக்கு 6,000, மொத்தம் 12,000. அளவு கூடக்கூட சேமிப்பின் வேகம் குறைந்துகொண்டே போவதால், வேறெங்கும் இதைவிடக் குறைந்த செலவு கிடையாது.

"எலி தின்றதையும் வட்டியையும் யாரய்யா இவ்வளவு துல்லியமாக எழுதி வைக்கிறார்கள்?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இருப்புச் செலவை அவர் பாதியாகவே கணித்துவிட்டார், உண்மையில் அது 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு 7 மூட்டை, செலவு சுமார் 17,000. அவர் 10 எடுத்ததால் ஆவது 18,000. கணிப்பில் இருமடங்கு பிசகினாலும் நஷ்டம் ஏறத்தாழ 6 சதவீதம்தான். செலவுக் கோட்டின் அடிப்பகுதி அவ்வளவு தட்டையானது. என் பார்வையில், பத்து என்ற விடையைவிட இந்தத் தட்டைத்தன்மைதான் கடைக்காரருக்குப் பெரிய லாபம். விற்பனை நாலு மடங்கானால் எடுக்கும் அளவு இருமடங்கானாலே போதும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருவதுதான்.

மொத்த வியாபாரி, "20 மூட்டையாக எடுத்தால் மூட்டைக்கு 60 ரூபாய் குறைக்கிறேன்" என்றால்? சரிவு பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, விலை அங்கே படியாக இறங்குகிறது. இரண்டு இடத்தையும் நேராக ஒப்பிட வேண்டும். 20 எடுத்தால் செலவு 15,000, அதாவது 3,000 கூடுதல். தள்ளுபடியோ வருஷத்துக்கு 7,200. எடுத்துவிடலாம்.

பருப்பை விட்டு, சிவகாசிப் பட்டாசுக்கு இந்தக் கணக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு இது உதவாது. விற்பனை சீராக இல்லை. சில நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அங்கே எடைபோட வேண்டியது, ஒரு பெட்டி குறைந்தால் போகும் லாபத்தையும் ஒரு பெட்டி மிஞ்சினால் வரும் நஷ்டத்தையும். திருவிழா, கல்யாணம் என்று வருஷம் முழுக்க விற்கும் நிரந்தரக் கடைக்கு ஓரளவு பொருந்தும், ஆனால் அங்கே உரிமத்தில் குறித்த எடைக்கு மேல் வைக்கக் கூடாது. கணக்கு 10 பெட்டி என்கிறது, உரிமம் 7-ஐத் தாண்ட விடாது என்றால், 7 வரை செலவு இறங்கிக்கொண்டேதான் வருகிறது. அதனால் 7 எடுப்பதே சிக்கனம். கணக்கு 5 என்று சொல்லும்போது, உரிமத்தில் 7 இருக்கிறதே என்று 7 எடுப்பது வீண் செலவு.