கழித்தல் காட்டும் பால்யம்

ஒருவரின் பிறந்த, இறந்த ஆண்டுகள் மட்டும் தெரிந்தாலே, அவருடைய பால்யத்தைச் சூழ்ந்த பேரிடர்களைக் கணிக்கலாம். காமராஜரைப் பாருங்கள்: 1903 முதல் 1975 வரை. 1914இல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு 10 அல்லது 11 வயது. 1918இல் விஷக்காய்ச்சல் பரவியபோது 14 அல்லது 15. பிறந்த மாதம் தெரியாதவரை இந்த ஓராண்டு வித்தியாசம் இருக்கும். இறந்த ஆண்டு 1975 என்பதால், இரண்டையும் தாண்டி வந்தவர் அவர். 1876–78 தாது வருஷப் பஞ்சமோ அவர் பிறக்கும் முன்பே முடிந்தது.

ஐரோப்பியப் போருக்கும் அவர் பிறந்த விருதுநகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். போர்க்கால விலைவாசி இங்கும் ஏறியது. 1918இல் சென்னை மாகாணத்தில் தானியக் கலவரங்கள் மூண்டன. ஆனாலும் ஆண்டுக் கணக்கு காலத்தைத்தான் காட்டும்; அவர் பசித்தாரா, நோயுற்றாரா என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.