கூகையின் செவி

1995ஆம் ஆண்டு கித்துல்கலக் காட்டில் கேட்ட புதியதொரு குரலுக்குரிய ஆந்தையைக் கண்ணாற் காணப் பறவையறிஞர் தீபால் வரக்காகொடவுக்கு 2001ஆம் ஆண்டுவரை காலம் பிடித்தது. கூகையோ, கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பைக் கேட்ட கணமே அதன் இடத்தை அறிந்துகொள்கின்றது. எங்ஙனம்?

கூகையின் இடச்செவித் துளை வலச்செவித் துளையினும் சற்று உயர்ந்து, கீழ்நோக்கி அமைந்துள்ளது. ஆதலால் கீழிருந்து வரும் ஒலி இடச்செவியிலும், மேலிருந்து வரும் ஒலி வலச்செவியிலும் மிகுந்து கேட்கும். இவ்வேறுபாடு உயரத்தைக் காட்டுகின்றது. ஒலி எச்செவியை முன்னர் எட்டிற்று என்பது பக்கத்தைக் காட்டுகின்றது.

பறக்கையில் சிறகோசை இந்நுண்ணொலியை மறைத்துவிடாதோ? சிறகின் முன்விளிம்பிலுள்ள சீப்புப்பல் போன்ற அமைப்பும், பின்விளிம்பிலுள்ள மென்குஞ்சமும் காற்றின் கொந்தளிப்பைத் தணித்து ஓசையை அடக்குகின்றன.

ஆயினும் அச்செவியும் ஏமாறுவதுண்டு. இருட்டறைச் சோதனையொன்றில், எலி இழுத்துச் சென்ற காகிதம் சலசலத்தது. கூகை பாய்ந்து பற்றியது எலியையன்று, காகிதத்தையே.